இருட்டுக்கடையும் சுத்தமான எண்ணெயும்: புது பிராண்டுக்குப் பெயர் வைக்கும் முன்

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் மட்டும் திறக்கும் ஓர் அல்வாக் கடை இருக்கிறது. 1900 வாக்கில் தொடங்கிய கடை. அந்தக் காலத்தில் வெளிச்சம் போதாமல், மங்கலான விளக்கொளியில் வியாபாரம் நடந்ததால் ஊர்க்காரர்கள் அதை இருட்டுக்கடை என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிற்பாடு இன்னொருவர் ‘திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயரில் விற்க, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு தரப்பிடமும் டிரேட்மார்க் பதிவு இருந்தது. உச்ச நீதிமன்றம் 2015-இல் பழைய கடையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பதிவுச் சான்றிதழ் இருந்தாலும், பெயரை முதலில் பயன்படுத்தி வந்தவருடைய உரிமை அதைவிடப் பெரியது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

டிரேட்மார்க்கைப் பற்றி ஒரு புதியவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ‘திருநெல்வேலி’, ‘இருட்டுக்கடை’, ‘அல்வா’ என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். திருநெல்வேலி ஊரின் பெயர், அங்கே அல்வாக் கிண்டும் யாரும் சொல்லிக்கொள்ளலாம். அல்வா பண்டத்தின் பெயர், அது எல்லோருக்கும் சொந்தம். சண்டை போட்டுக் காப்பாற்றும்படி ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்தது நடுவில் உள்ள சொல்தான். அந்தச் சொல்லோ அல்வாவின் ருசியைப் பற்றியோ, நெய்யைப் பற்றியோ, தாமிரபரணித் தண்ணீரைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. எதையும் வர்ணிக்காததால்தான் அது ஒரே ஒரு கடையைச் சுட்டுகிறது.

டிரேட்மார்க் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பொருள் யாரிடமிருந்து வருகிறது என்பதை வாங்குபவருக்குக் காட்டும் அடையாளம் அது. பொருள் எப்படிப்பட்டது என்று சொல்வது அதன் வேலை இல்லை. அதற்கு லேபிளில் வேறு இடம் இருக்கிறது. புதிதாகப் பெயர் வைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாடிக்கையாளருக்குப் பார்த்தவுடனே புரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், பொருளை விளக்கும் சொல்லையே பெயராக வைக்கிறார்கள். அப்படி வைத்த பெயர் முதல் மாதம் விற்க உதவும். மூன்றாம் வருடம் பக்கத்துத் தெருவில் ஒருவர் அதையே வைத்தால் தடுக்க உதவாது.

பெயரின் பலம் எங்கிருந்து வருகிறது

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். ஈரோட்டுப் பக்கம் ஒரு பெண் மரச்செக்கில் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்க வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘செக்கெண்ணெய்’ என்றே வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். இது பொதுப்பெயர். அந்தப் பண்டத்துக்கு ஊரே வழங்கும் பெயரை ஒருவர் எந்தக் காலத்திலும் தன்னுடையதாக்க முடியாது. எத்தனை வருடம் விற்றாலும், எத்தனை லட்சம் விளம்பரத்துக்குச் செலவழித்தாலும் முடியாது. ஏனென்றால் மற்ற செக்குக்காரர்கள் தங்கள் பொருளை வேறு எப்படித்தான் சொல்வார்கள்?

‘தூய மரச்செக்கு’, ‘ஈரோடு கோல்டு’, ‘நம்பர் ஒன் எண்ணெய்’ என்று அடுத்தடுத்து வருகின்றன. இவை வர்ணனைப் பெயர்கள். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இவற்றைத்தான் குறிவைக்கிறது. பொருளின் வகை, தரம், அளவு, பயன், மதிப்பு, விளைந்த ஊர், தயாரித்த காலம் இவற்றைச் சொல்லும் சொற்களால் மட்டுமே ஆன பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. புகழ்ச்சிச் சொற்களும் இதே கூடையில்தான் விழும். நல்ல, தூய, சிறந்த, ராயல், சூப்பர் எல்லாம் யார் வேண்டுமானாலும் தன் சரக்கைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடியவை. தமிழில் எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வர்ணனைச் சொல் எந்த இந்திய மொழியில் இருந்தாலும் வர்ணனைதான்.

புகழ்ச்சிச் சொல்லின் பலவீனத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு பெரிய வழக்கு உண்டு. ஐடிசி தன் யிப்பி நூடுல்ஸில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்டிருந்தது. நெஸ்லே பிறகு மேகியில் ‘மேஜிக்கல் மசாலா’ என்று கொண்டுவந்தது. ஐடிசி வழக்குத் தொடுத்தது. 2020-இல் வந்த தீர்ப்பு, ‘மேஜிக்’ என்பது சாப்பாட்டு வியாபாரத்தில் பலரும் பயன்படுத்தும் புகழ்ச்சிச் சொல், ‘மசாலா’ பொதுச்சொல், இரண்டையும் சேர்த்து ஒருவர் தனியுரிமை கொண்டாட முடியாது என்றது. இவ்வளவு பெரிய கம்பெனி, நாடு முழுக்க விளம்பரம், அப்படியிருந்தும் அந்த இரண்டு சொற்களைக் காப்பாற்ற முடியவில்லை.

நம் எண்ணெய்க்கார வீட்டில் இப்போது கொஞ்சம் சாமர்த்தியமான யோசனை வருகிறது. எழுத்தை மாற்றிப் போட்டால்? ‘செக்கோ’, ‘ப்யூராயில்’ என்பது போல? இது மிகப் பலர் செய்யும் தவறு என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். மேரிக்கோ நிறுவனம் சஃபோலா எண்ணெயில் ‘LOSORB’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. பொரிக்கும் பண்டம் எண்ணெயைக் குறைவாக உறிஞ்சும் என்ற அர்த்தத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டிய சொல் அது. பதிவும் வாங்கியிருந்தார்கள். சன்ட்ராப் எண்ணெய்க்காரர்கள் தங்கள் பாட்டிலில் ‘LOW ABSORB’ என்று போட்டபோது மேரிக்கோ தடை கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் தடை தர மறுத்தது. வர்ணனைச் சொல்லைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் அது புதுச்சொல் ஆகிவிடாது, காதில் விழுந்தால் பழைய அர்த்தம்தானே வருகிறது என்பதுதான் காரணம். கையில் சான்றிதழ் இருந்தும் பெயர் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வழக்கைத்தான் நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

அப்புறம் சாமி பெயர். வீட்டில் பெரியவர்கள் முருகன் பெயரையோ லட்சுமி பெயரையோ வைக்கச் சொல்வார்கள். வைக்கலாம், அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரை மற்றவர் வைக்கக் கூடாது என்று சொல்ல முடியும் என்று நம்பி வைக்கக் கூடாது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தனக்கே சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. சாமி பெயரோடு வேறொரு தனித்த சொல்லைச் சேர்த்தால் நிலைமை கொஞ்சம் மேம்படும். அப்போதும் பலம் அந்தச் சேர்த்த சொல்லில்தான் இருக்கும்.

இனிமேல்தான் நல்ல பெயர்கள். யாரோ ‘காளைநடை’ என்கிறார். செக்கைச் சுற்றி மாடு நடக்கும் காட்சி மனதில் வருகிறது. ஆனால் ‘காளைநடை’ என்றவுடன் எண்ணெய் என்று யாருக்கும் தோன்றாது. நடுவில் ஒரு தாவல் தாவினால்தான் எண்ணெய்க்கு வந்து சேர முடியும். இதைக் குறிப்பால் உணர்த்தும் பெயர் என்று சொல்லலாம். வாங்குபவர் ஒரு நொடி யோசித்துத் தொடர்பைப் பிடிக்க வேண்டும். அந்த யோசனை தேவைப்படுவதால்தான் இது வர்ணனை வகையிலிருந்து தப்புகிறது. ஆனால் வர்ணனைக்கும் குறிப்புக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. பெயரைச் சொன்னவுடன் பொருள் என்னவென்று முன்பின் தெரியாத ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் அது வர்ணனை. ‘ஓ, அதனாலதான் இந்தப் பெயரா!’ என்று பொருளைப் பார்த்த பிறகு சொன்னால் அது குறிப்பு. பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னொருவர் ‘ஊஞ்சல்’ என்கிறார். எல்லோருக்கும் தெரிந்த சொல், ஆனால் எண்ணெய்க்கும் ஊஞ்சலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு ஆப்பிள் என்று பெயர் வைத்தார்களே, அந்த மாதிரி. இது மிகவும் பலமான வகை. சொல்ல எளிது, நினைவில் நிற்கும், பொருளைப் பற்றி வாயே திறக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இந்தப் பலம் பொருளைப் பொறுத்தது. ஆப்பிள் என்ற பெயரைப் பழக்கடைக்கு வைத்தால் அது வெறும் பொதுப்பெயர். ஊஞ்சலை ஊஞ்சல் செய்து விற்கும் பட்டறைக்கு வைத்தாலும் அப்படித்தான்.

இதில் வெளியாட்கள் கவனிக்கத் தவறும் ஒரு பொறி இருக்கிறது. ‘வாகை’ என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழகான சொல், வெற்றியைக் குறிக்கும் சொல், எண்ணெயோடு தொடர்பில்லாதது போலத் தெரிகிறது. ஆனால் செக்குத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மரச்செக்கு செய்யும் மரம் வாகை. ‘வாகை மரச்செக்கு எண்ணெய்’ என்று பல கடைகள் பலகையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஆக, பொதுமக்களுக்குக் கவிதையாகத் தோன்றும் சொல், அந்தத் தொழிலுக்குள் வர்ணனை. பெயரைச் சோதிக்கும்போது அகராதியை மட்டும் பார்த்தால் போதாது, அதே தொழில் செய்பவர்கள் லேபிளில் என்ன எழுதுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

கடைசி வகை, எந்த மொழியிலும் இல்லாமல் உருவாக்கிய சொல். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் கோடாக் என்ற சொல்லை அப்படித்தான் கட்டினார். அர்த்தம் எதுவும் கிடையாது. நம் வீட்டுச் சமையலறைக்குள் வந்த டால்டாவும் கட்டிய சொல்தான். சட்டத்தின் பார்வையில் இதுதான் உச்சபட்ச பலம். ஆனால் சிறு வியாபாரிக்கு இதில் ஒரு செலவு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அர்த்தமில்லாத சொல்லை மக்கள் மனதில் பதிய வைக்க நாளும் பணமும் ஆகும். அதனால் ஈரோட்டுப் பெண் என்னைக் கேட்டால், கட்டிய சொல்லைவிட ‘ஊஞ்சல்’ மாதிரி தெரிந்த, ஆனால் தொடர்பில்லாத சொல்லையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பலமும் இருக்கும், ஆச்சிகளும் கடையில் கேட்டு வாங்குவார்கள்.

சரி, ஏற்கெனவே வர்ணனைப் பெயர் வைத்துப் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்வது? சட்டம் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டால், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மக்கள் அந்தக் கடையையே நினைக்கிறார்கள் என்று நிரூபித்தால் பதிவு கிடைக்கலாம். நிரூபிப்பதற்கு வருடா வருடம் விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, பழைய லேபிள்கள், பத்திரிகைச் செய்திகள் எல்லாம் வேண்டும். அந்தத் தனித்தன்மை விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்பே வந்திருக்கவும் வேண்டும். ஆறு மாதக் கடைக்கு இந்தக் கதவு திறக்காது. பொதுப்பெயருக்கு எத்தனை வருடம் ஆனாலும் திறக்காது.

பலமான பெயர் தேய்ந்து போகவும் கூடும். எஸ்கலேட்டர் என்பது ஒரு காலத்தில் ஓடிஸ் நிறுவனத்தின் டிரேட்மார்க். நகரும் படிக்கட்டுக்கே அந்தப் பெயர் வழங்கிப்போய், 1950-இல் அமெரிக்காவில் உரிமை போய்விட்டது. சொந்த விளம்பரங்களிலேயே அந்தச் சொல்லைப் பொதுப்பெயர் போலப் பயன்படுத்தியதும் ஓடிஸுக்கு எதிராக நின்றது. அதனால் ‘ஊஞ்சல் வாங்குங்கள்’ என்று மட்டும் எழுதாமல் ‘ஊஞ்சல் கடலெண்ணெய்’ என்று பொருளின் பெயரையும் சேர்த்தே எழுதும் பழக்கம் நல்லது.

யாராவது முன்பே வைத்திருக்கிறார்களா

பெயர் தனித்தன்மை உள்ளதாக இருந்தால் மட்டும் போதாது. அதே பெயரையோ, அதைப் போன்ற ஒன்றையோ அதே மாதிரிப் பொருளுக்கு வேறொருவர் வைத்திருக்கக் கூடாது. இதற்குப் பொருள்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பொருள்கள், சேவைகள் எல்லாவற்றையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. ஊறுகாயும் அங்கேதான். மசாலாப் பொடி, மாவு, காபி, இனிப்பு எல்லாம் 30. சோப்பு 3. உணவகம் 43. ஈரோட்டுப் பெண் இப்போதைக்கு 29-இல் விண்ணப்பித்தால் போதும். அடுத்த வருடம் இட்லிப் பொடியும் போடுவது நிச்சயம் என்றால் 30-ஐயும் சேர்க்க வேண்டும்.

தேடுவதற்குக் காசு இல்லை. மத்திய அரசின் ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இருக்கிறது. அதில் Wordmark, Phonetic என்று இரண்டு வகையிலும் தேடலாம், வகுப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் செய்வது என்னவென்றால், தங்கள் எழுத்துக்கூட்டலை அப்படியே ஒருமுறை அடித்து, ஒன்றும் வரவில்லை என்று சந்தோஷமாக மூடிவிடுவது. தமிழ்ச் சொல்லுக்கு இது பெரிய ஆபத்து, காரணம் ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக எழுதலாம். ஊஞ்சல் என்றால் OONJAL, UNJAL, OONCHAL, OONJHAL, UUNJAL எல்லாவற்றையும் அடித்துப் பார்க்க வேண்டும். ழகரம் வந்தால் ZH, L, Z மூன்றும். அப்புறம் Wordmark தேடலில் Contains என்பதைத் தேர்ந்தெடுத்து NJAL என்ற துண்டை மட்டும் கொடுத்தால், ‘பொன்னூஞ்சல்’ போல முன்னால் ஒரு சொல் ஒட்டிய பெயர்களும் தெரியும். 29-இல் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், ஒரே மளிகைக் கடையில் அடுத்தடுத்த அலமாரியில் இருக்கக்கூடிய 30, 31 வகுப்புகளையும் பார்ப்பது நல்லது.

எவ்வளவு ஒத்திருந்தால் சிக்கல்? 1962-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் ‘அம்ருத்தாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்று இரண்டு மருந்துப் பெயர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஆனால் நீதிமன்றம் அப்படிப் பார்க்கக் கூடாது என்றது. சாதாரண அறிவுள்ள, பெயரை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் ஒருவர் கடைக்குப் போகிறார் என்று வைத்துப் பார்க்க வேண்டும், அவருக்கு இரண்டும் குழம்பும் என்று சொன்னது. நாமும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். நம்முடைய பெயரையும், தேடலில் கிடைத்த பெயரையும் போனில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் ‘என்னது?’ என்று திரும்பக் கேட்டு மாற்றி எழுதினால், அந்தப் பெயரை விட்டுவிடுவதே மேல்.

பதிவேட்டில் இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமாகாது. இருட்டுக்கடை வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பதிவே செய்யாமல் பல வருடமாக ஒரு பெயரில் விற்று வருபவருக்கும் உரிமை உண்டு. அதனால் கூகுள், இன்ஸ்டாகிராம், ஆன்லைன் மளிகைத் தளங்கள், பக்கத்து மாவட்டச் சந்தைகள் எல்லாவற்றையும் ஒரு நாள் செலவழித்துத் தேட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் பதிவாகிவிட்டது, ஜிஎஸ்டி வந்துவிட்டது, உணவு உரிமம் கிடைத்துவிட்டது, டாட் காம் வாங்கிவிட்டோம், ஆகவே பெயர் எங்களுடையது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இவற்றில் எதுவும் டிரேட்மார்க் உரிமை ஆகாது. ஒவ்வொன்றும் வேறு வேறு சட்டத்தின் கீழ், வேறு வேறு நோக்கத்துக்காகக் கொடுக்கப்படுவது.

சொல்லா, லோகோவா

விண்ணப்பம் TM-A என்ற படிவம். ஆன்லைனில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், மற்றவர்களுக்கு 9,000. ஏஜென்டோ வக்கீலோ வைத்தால் அவர்கள் கட்டணம் தனி. தமிழ்நாட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பது கிண்டியில் இருக்கும் சென்னை டிரேட்மார்க் அலுவலகம்.

படிவத்தில் மிக முக்கியமான முடிவு, பதிவு கேட்பது வெறும் சொல்லுக்கா, படத்தோடு கூடிய லோகோவுக்கா என்பது. சொல்லாகப் பதிவு செய்தால், எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் எழுதினாலும் அந்தச் சொல்லுக்குப் பாதுகாப்பு. லோகோவாகப் பதிவு செய்தால் அந்தப் படம் முழுமையாக எப்படி இருக்கிறதோ அதற்குத்தான் பாதுகாப்பு. சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்வது இது: பல பகுதிகள் சேர்ந்த ஓர் அடையாளத்தைப் பதிவு செய்தால், அதற்குள் இருக்கும் தனித்தன்மை இல்லாத பகுதியின் மேல் தனியுரிமை வராது.

இது ஏன் முக்கியம் என்றால், ‘தூய மரச்செக்கு’ போன்ற பெயரைச் சொல்லாகப் போட்டால் மறுப்பு வரும் என்று தெரிந்தே, அதைச் சுற்றி ஒரு இலை, ஒரு சூரியன், ஒரு வட்டம் வரைந்து லோகோவாகப் பதிவு வாங்கிக் கொடுப்பது நடக்கிறது. சான்றிதழ் வந்துவிடும். வியாபாரி அதைப் பிரேம் போட்டுக் கடையில் மாட்டியும் வைத்துவிடுவார். பின்னால் ஒருவர் ‘தூய மரச்செக்கு’ என்று வேறு எழுத்தில், இலை இல்லாமல் போடும்போதுதான் தெரியும், தன்னிடம் இருப்பது அந்த இலைக்கும் வட்டத்துக்கும் உள்ள ஏற்பாட்டின் உரிமைதான், சொல்லின் உரிமை இல்லை என்று. இந்த நிலைமையில் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தப்பு அவர்கள் மேல் இல்லை, யாரும் அவர்களுக்கு இதை விளக்கவில்லை. கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பலமான ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதைச் சொல்லாகப் பதிவு செய்யுங்கள். லோகோ இரண்டு மூன்று வருடத்தில் எப்படியும் மாறும்.

தமிழ் எழுத்தில் உள்ள பெயரை விண்ணப்பித்தால், அதன் உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் அர்த்தத்தையும் சேர்த்துத் தர வேண்டும். அர்த்தத்தை மழுப்பக் கூடாது.

படிவத்தில் கேட்கும் இன்னொன்று, எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பது. இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால், இனிமேல் பயன்படுத்தப் போகிறேன் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே விற்றிருந்தால் தேதியைச் சொல்லி, ஆதாரத்தோடு உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். பெருமைக்காக இரண்டு வருடம் முன்தேதி போடுபவர்கள் உண்டு. பின்னால் வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான்.

போட்ட பிறகு நடப்பது இப்படி. விண்ணப்ப எண் உடனே வரும். அன்றிலிருந்து, ஏன் அதற்கு முன்பேகூட, பெயருக்கு மேல் ™ போட்டுக்கொள்ளலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ® என்பதைப் பதிவு முடிந்த பிறகுதான் போட வேண்டும். பரிசோதகர் ஒருவர் பெயரைப் பார்த்து அறிக்கை தருவார். ஆட்சேபம் இருந்தால் தளத்தில் நிலை Objected என்று காட்டும். பலர் இதைப் பார்த்துப் பதறிவிடுகிறார்கள். இது மறுப்பு இல்லை, கேள்வி. அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த அறிக்கையில் 9-ஆம் பிரிவு என்றிருந்தால், பெயர் வர்ணனை போல இருக்கிறது என்று அர்த்தம். 11 என்றிருந்தால் வேறு யாருடைய பெயரோ ஒத்திருக்கிறது, அந்தப் பெயர்களின் பட்டியலும் கூடவே இருக்கும். முதலில் சொன்ன பெயர்ச் சோதனையையும் தேடலையும் ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த இரண்டுக்கும் பதில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும்.

ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள். வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு இல்லை என்றால் பதிவு. பதிவு விண்ணப்பித்த தேதியிலிருந்து 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். வாங்கிப் பூட்டி வைக்கவும் முடியாது. பதிவுக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், பாதிக்கப்படும் ஒருவர் கேட்டு அதை நீக்க வைக்க முடியும்.

முதல் பில்

ஈரோட்டுப் பெண் ‘ஊஞ்சல்’ என்று முடிவு செய்துவிட்டார், தேடலில் சிக்கல் இல்லை, 29-இல் சொல்லாக விண்ணப்பம் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே ஒரு கோப்பைத் தொடங்கச் சொல்வேன். பெயர் அச்சான முதல் லேபிள், அதை அச்சடித்த பிரஸ்ஸின் பில், தேதியோடு முதல் விற்பனை பில், உணவு உரிமத்தின் நகல், பொருட்காட்சியில் ஸ்டால் போட்ட ரசீது, ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தப் பெயரில் நடந்த விற்பனையின் மொத்தத் தொகை, ஆடிட்டர் கையெழுத்தோடு. பில்லில் கடையின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, பொருளின் வரியில் ‘ஊஞ்சல் நல்லெண்ணெய் 1 லி’ என்று பிராண்டின் பெயர் வர வேண்டும். பல பழைய கடைகளின் பில்லில் ‘எண்ணெய் 1 லி’ என்று மட்டும்தான் இருக்கிறது. முப்பது வருடம் விற்றும், அந்தப் பெயரில் விற்றார்கள் என்பதைக் காட்ட ஒரு காகிதம்கூட அவர்களிடம் இருக்காது.

வெப்பத்தில் எழுத்து மங்கிப்போகும் தெர்மல் ரோல் பில்லாக இருந்தால், அதை அன்றைக்கே போட்டோ எடுத்து ஈமெயிலில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.